14 கி.மீ. லிங்க் சில மாலைகளில் மட்டும் விழுகிறது, அனலைசர் திரையோ சுத்தமாக இருக்கிறது

மலையடிவாரம் · ஜனவரி 28, இரவு 10.15

தேனி மாவட்டத்தில் மலைச்சரிவில் இருக்கும் ஒரு கம்பத்திலிருந்து கீழே ஒரு ஊருக்கு 5.8 கிகாவில் லிங்க் போட்டிருக்கிறேன். தூரம் 14 கிலோமீட்டர். இரண்டு முனையிலும் 25 டிபிஐ டிஷ், 20 மெகா அகலச் சேனல், நடு அலைவரிசை 5,785. ஊரில் பால் சொசைட்டி, பள்ளிக்கூடம், இ-சேவை மையம் மூன்றும் இதை நம்பித்தான் இருக்கின்றன.

மார்கழி முழுக்க ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்குப் பிறகு சில நாள் மாலை ஆறு மணிக்கு மேல் ஊருக்கு வரும் வேகம் 80 மெகாபிட்டிலிருந்து பத்துக்குக் கீழே போய்விடுகிறது. சில நாள் விடியற்காலையிலும் அப்படி ஆகிறது. மற்ற நாட்களில் அருமையாக ஓடுகிறது.

ஊர் முனை மொட்டை மாடியில் டைனி எஸ்ஏ அல்ட்ரா கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். லிங்க் விழுந்திருக்கும் நேரத்தில்தான் பார்த்தேன். 5,785-ல் ஒரு மேடு வருகிறது, போகிறது, அது நம் ரேடியோவே அனுப்புவது. அதைத் தவிர 5,700 முதல் 5,900 வரை வேறு எதுவும் இல்லை. குறுக்கீடு இல்லை என்றால் ரேடியோதான் கெட்டிருக்க வேண்டும். மாற்றிவிடலாமா? மாற்றும் முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

கரண்ட்கம்பம் · ஜனவரி 28, இரவு 10.50

மாலை ஆறு மணி என்றதும் புரிந்துவிட்டது. தெருவிளக்கு எல்ஈடி போடும் நேரம் அது. மலிவு டிரைவர் போட்ட எல்ஈடி ரேடியோவை நாசம் பண்ணும். எங்கள் தெருவில் எஃப்எம் கேட்கவே முடியாது. விளக்கை அணைத்துப் பாருங்கள்.

பழைய ரேடியோ · ஜனவரி 29, காலை 6.30

எல்ஈடி டிரைவர் எஃப்எம்மைக் கெடுக்கும், உண்மை. அதன் இரைச்சல் சில நூறு மெகாவுக்குள் தேய்ந்துபோகும், 5.8 கிகா வரை ஏறி வராது. தெருவிளக்கு தினமும் எரிகிறது, லிங்க் சில நாள்தான் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் அவர் சொல்வதில் ஒரு பாதியைத் தள்ளக் கூடாது. அந்த மாதிரி இரைச்சல் மாடியிலிருந்து இறங்கும் ஈதர்நெட் வயரில் ஏறலாம். அப்போது காற்றில் எல்லாம் நன்றாக இருக்கும், போர்ட்டில் எஃப்சிஎஸ் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, மலையடிவாரம் தம்பிக்கு. மூன்று கேள்வி. விழும் நேரத்தில் ஊர் முனையில் பெறும் சிக்னல் எவ்வளவு? நல்ல நேரத்தில் எவ்வளவு? ஊரிலிருந்து மேலே போகும் வேகமும் விழுகிறதா?

மலையடிவாரம் · ஜனவரி 29, இரவு 8.20

எஃப்சிஎஸ் பிழை பூஜ்யம். நல்ல நேரத்தில் ஊர் முனை பெறுவது −62 டிபிஎம், மாலையில் விழும்போதும் அதே −62. மேலே போகும் வேகம் குறைவதே இல்லை. கீழே வருவது மட்டும்தான்.

பழைய ரேடியோ · ஜனவரி 29, இரவு 9.05

அப்படியானால் ரேடியோவை மாற்றாதீர்கள். சிக்னல் நிலையாக இருக்க வேகம் மட்டும் விழுகிறது என்றால், எதிர்முனை பேசுவது வழக்கம்போல் வந்து சேர்கிறது, பக்கத்தில் வேறு யாரோ சத்தம் போடுகிறார்கள் என்று பொருள். அதுவும் ஊர் முனையின் காதில் மட்டும் விழும் சத்தம். மலை முனைக்கு அது கேட்கவில்லை, அதனால்தான் மேலே போவது பாதிக்கவில்லை. எந்தத் திசையில் வேகம் குறைகிறதோ, அந்தத் திசையில் பெறும் முனையில்தான் தேட வேண்டும். நீங்கள் நின்ற இடம் சரியான இடம்தான்.

ஆனால் அந்தச் சுத்தமான திரையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு சோதனை சொல்கிறேன். ஊர் முனை ரேடியோவை அணைத்துவிட்டு, மலையிலிருந்து வரும் உங்கள் சொந்த சிக்னல் அந்தக் கருவியில் தெரிகிறதா என்று பாருங்கள். எதிர்முனை இல்லாததால் மலை ரேடியோ பீக்கன் மட்டும் அனுப்பும், அதனால் மேக்ஸ் ஹோல்டில் சில நிமிடம் விட வேண்டும். அது தெரியவில்லை என்றால், அதைவிட மெலிந்த குறுக்கீடு எப்படித் தெரியும்?

டிவி ரிப்பேர் கடை · ஜனவரி 30, மதியம் 1.10

வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்ற ஊரில் ஒரே ஒரு பழைய டிவி முழு ஊருக்கும் இன்டர்நெட்டை 18 மாதம் கெடுத்தது. தினமும் காலை 7 மணிக்கு டிவியைப் போட்டதும் நெட் போய்விடும். 2020-ல் செய்தியாக வந்தது. அங்கேயும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றித்தான் பிடித்தார்கள். உங்கள் ஊரில் யார் வீட்டில் பெட்டி டிவி இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். என் கடைக்கு வரும் நெட்டும் இரண்டு மாதமாக விட்டு விட்டு வருகிறது, கேபிள்காரர் ஸ்பிளிட்டரை மாற்றிவிட்டேன் என்கிறார், பயன் இல்லை.

பழைய ரேடியோ · ஜனவரி 30, மாலை 4.40

அந்தச் செய்தி உண்மை. ஆனால் அங்கே ஊருக்கு நெட் வந்தது தொலைபேசிச் செம்புக் கம்பியில். அந்தக் கம்பி ஓடும் அலைவரிசை சில மெகாதான், டிவி பவர் சப்ளையின் வெடிப்பு இரைச்சல் அதில் நேராக ஏறும். 5.8 கிகா டிஷ்ஷுக்கு அது பொருந்தாது. நேரம் வைத்துப் பிடித்தார்களே, அந்த முறைதான் நமக்கு உதவும். உங்கள் கடைக் கேபிளுக்குத் தனியாக ஓர் இழை தொடங்குங்கள், நான் அங்கே எழுதுகிறேன்.

மலையடிவாரம் · பிப்ரவரி 1, இரவு 9.30

ரேடியோவை அணைத்துப் பார்த்தேன். திரையில் ஒன்றுமே இல்லை. மலையிலிருந்து வரும் நம் சிக்னலே தெரியவில்லை.

இன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டால் தெரியக் கூடாது என்றுதான் வருகிறது. −62 என்பது 25 டிபிஐ டிஷ் வழியாக வந்த அளவு. கருவியோடு வந்த குட்டி ஆன்டெனாவுக்கு 2 டிபிஐ வைத்துக்கொள்வோம், அங்கேயே 23 டெசிபல் போயிற்று, −85. அப்புறம் அது 20 மெகாவில் பரவிக் கிடக்கிறது. கருவி ஒரு நேரத்தில் 100 கிலோ ஹெர்ட்ஸ் ஜன்னல் வழியாகத்தான் எட்டிப் பார்க்கிறது. 20 மெகா என்பது அந்த ஜன்னலைப்போல் 200 மடங்கு, அதற்கு இன்னொரு 23 டெசிபல். ஆக −108. கருவியின் சொந்த இரைச்சலே இந்த அலைவரிசையில் −100 பக்கத்தில் நிற்கிறது. நம் சிக்னல் அதற்கும் கீழே புதைந்திருக்கிறது.

அதாவது சுத்தமான திரைக்கு அர்த்தம், காற்று சுத்தம் என்பதல்ல. கருவிக்கு எட்டவில்லை என்பதுதான்.

பழைய கிரிட் டிஷ் ஒன்று கிடங்கில் இருக்கிறது. அதுவும் 25 டிபிஐ. ஒரு மீட்டர் கேபிளில் கருவியோடு இணைத்துப் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் நம் சிக்னல் ஜன்னலுக்குள் −85-ல் நிற்க வேண்டும், தெரிய வேண்டும்.

பழைய ரேடியோ · பிப்ரவரி 1, இரவு 10.00

கணக்கு சரி. ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கருவியில் 5.3 கிகாவுக்கு மேல் காட்டும் டிபிஎம் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, அளவுத்திருத்தம் அதுவரைதான். ஏறியதா இறங்கியதா, எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு அது போதும். உங்கள் வேலைக்கு வித்தியாசம்தான் வேண்டும்.

எஸ்டிஆர் பையன் · பிப்ரவரி 2, இரவு 11.20

அண்ணா, ரேடியோவிலேயே ஸ்கேன் இருக்குமே? மைக்ரோடிக் என்றால் இது:

```
/interface wireless spectral-history wlan1
```

அதே டிஷ் வழியாகவே பார்க்கலாம், தனி ஆன்டெனா தேவையில்லை.

மலையடிவாரம் · பிப்ரவரி 3, காலை 7.15

எங்களுடையது வேறு கம்பெனி ரேடியோ, அதிலும் ஏர்வியூ என்று ஒன்று இருக்கிறது. ஓட்டினால் லிங்க் அறுந்துவிடும். மாலையில் சொசைட்டியில் பால் கணக்கு ஏறும் நேரம், அப்போது நிறுத்த மனம் வரவில்லை. நீ சொன்ன கட்டளையும் பழைய ஆத்தெரோஸ் 11என் சிப் உள்ள போர்டுகளில்தான் ஓடும், எல்லா மைக்ரோடிக்கிலும் ஓடாது. ஆனால் யோசனை நல்லது. இதே மாடல் பழைய ரேடியோ ஒன்றை லிங்க் டிஷ்ஷுக்குப் பக்கத்தில் அதே திசை பார்த்துக் கட்டி, கேட்பதற்கு மட்டும் விட்டால் லிங்க்கை நிறுத்தாமல் நாள் முழுக்கப் பார்க்கலாம்.

எஸ்டிஆர் பையன் · பிப்ரவரி 3, மாலை 5.45

என்னிடம் ஹேக்ஆர்எஃப் இருக்கிறது அண்ணா, பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன். இதை ஓட்டிவிட்டுப் போய்விடலாம். ஒவ்வொரு வரியிலும் தேதியும் நேரமும் வரும்:

```
hackrf_sweep -f 5700:5900 -w 100000 -l 24 -g 20 -r maadi.csv
```

அதில் வரும் எண் டிபிஎம் இல்லை, ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும்தான். பக்கத்தில் பலமான சிக்னல் இருந்தால் திணறும். உள்ளே −5 டிபிஎம்முக்கு மேல் போனால் கருவியே போய்விடும், நம் டிரான்ஸ்மிட்டருக்கு நேர் எதிரில் வைக்காதீர்கள்.

மலையடிவாரம் · பிப்ரவரி 8, இரவு 10.40

கிரிட் டிஷ் வேலை செய்தது. ஊர் ரேடியோவை அணைத்துவிட்டு மலைப்பக்கம் திருப்பினால் நம் பீக்கன் மேக்ஸ் ஹோல்டில் தெளிவாக எழுகிறது. இப்போதுதான் கண் தெரிகிறது என்று சொல்லலாம்.

ஹேக்ஆர்எஃப் பதிவில் மாலை 6.10-க்கு ஒன்று தொடங்கி 10 மணி சுமாருக்கு நிற்கிறது. நடு 5,785-ஐ ஒட்டி, 20 மெகா அகலம், மேலே தட்டையாக, ஓரங்கள் செங்குத்தாக. முக்கியமான விஷயம், அதில் இடைவெளியே இல்லை. வைஃபை என்றால் நேரம் ஓட ஓட வரும் நீர்வீழ்ச்சிப் படத்தில் புள்ளி புள்ளியாக, விட்டு விட்டு விழும். இது பாய் விரித்த மாதிரி விடாமல் ஓடுகிறது.

மேக்ஸ் ஹோல்ட் மட்டும் பார்த்திருந்தால் இந்த வித்தியாசமே தெரிந்திருக்காது. பத்து விநாடிக்கு ஒருமுறை கத்துகிறவனையும் ஓயாமல் கத்துகிறவனையும் அது ஒரே உயரத்தில் காட்டிவிடும். சராசரியையும் பக்கத்தில் ஓட்ட வேண்டியிருக்கிறது. சராசரியும் மேக்ஸ் ஹோல்டும் ஒட்டி நின்றால் ஓயாத ஆள். நடுவில் பெரிய பள்ளம் இருந்தால் விட்டு விட்டுப் பேசுகிறவன்.

இதுவரை விழுந்த மாலைகள்: ஜனவரி 19, 22, 26, 31, பிப்ரவரி 4, 7. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மறுநாள் விடியற்காலையிலும் விழுந்திருக்கிறது. இதில் ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை. கிழமையும் இல்லை, இடைவெளியும் இல்லை.

செல்லையா மகன் · பிப்ரவரி 9, காலை 8.00

செல் டவர்தான். 5ஜி வந்ததிலிருந்து எங்கள் ஊரிலும் இப்படித்தான். ஊர் முனையிலிருந்து டவர் எவ்வளவு தூரம்?

மலையடிவாரம் · பிப்ரவரி 9, இரவு 7.50

முந்நூறு மீட்டர். எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது, ஏனென்றால் டைனி எஸ்ஏவில் 5,742 பக்கம் ஒரு கூரான முனை டவர் பக்கம் திருப்பும்போது மட்டும் எழுகிறது.

பழைய ரேடியோ · பிப்ரவரி 9, இரவு 8.30

இங்கே 5ஜி முக்கியமாக ஓடுவது 700 மெகாவிலும் 3.3 முதல் 3.67 கிகாவிலும். 5.8-ல் டவர் எதையும் அனுப்பாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் டவரின் பலமான சிக்னல் அனலைசரின் உள்ளே புகுந்து, அங்கேயே இல்லாத முனைகளை உருவாக்கும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஆன்டெனாவுக்கும் கருவிக்கும் நடுவில் ஒரு 10 டெசிபல் அட்டெனுவேட்டரைப் போடுங்கள். அந்த முனை 10 இறங்கினால் அது காற்றில் உண்மையாகவே இருக்கிறது. 20, 30 என்று சரிந்தால் கருவி பெற்றெடுத்த பிள்ளை அது.

மலையடிவாரம் · பிப்ரவரி 10, இரவு 9.10

5,742 முனை அட்டெனுவேட்டர் போட்டதும் இரைச்சலுக்குள் மறைந்தே போயிற்று, 25-க்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். டவருக்கு விடுதலை. டவர் பக்கம் திருப்பும்போது மட்டும் இனி அட்டெனுவேட்டரோடுதான் பார்க்க வேண்டும்.

இ-சேவை அக்கா · பிப்ரவரி 11, காலை 11.25

எனக்கு உங்கள் டெசிபல் எல்லாம் புரியாது. அந்த ஊர் மையத்தில் உட்கார்ந்திருப்பது நான்தான் தம்பி. நீங்கள் எழுதிய தேதிகளைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அடுத்த நாள் முகூர்த்தம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடிகாலை தாலிகட்டு. மார்கழியில் கல்யாணம் கிடையாது, உங்கள் லிங்க்கும் நன்றாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பஸ் ஸ்டாப் தாண்டிப் புதிதாக ஒரு மண்டபம் திறந்திருக்கிறார்களே, அதைப் பாருங்கள்.

மலையடிவாரம் · பிப்ரவரி 11, மதியம் 12.05

அக்கா, தேதியை வெறும் எண்ணாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த முகூர்த்தம் எப்போது என்று சொல்லுங்கள், டிஷ்ஷோடு மாடியில் இருப்பேன்.

கரண்ட்கம்பம் · பிப்ரவரி 11, மதியம் 12.40

மண்டபம் என்றால் சீரியல் செட்டு, ஜெனரேட்டர், எல்ஈடி சுவர். நான் முதலில் சொன்னதும் அதுதான்.

எஸ்டிஆர் பையன் · பிப்ரவரி 11, மதியம் 1.30

எல்ஈடி சுவர் இல்லை அண்ணா, அந்தச் சுவருக்குப் படம் அனுப்புகிற பெட்டி. கேமராக்காரர் தோளில் கேமரா, அதன் மேல் குட்டி டிரான்ஸ்மிட்டர், வயர் இல்லாமல் மிக்சருக்கு நேரலை போகும். அந்த மாதிரிப் பெட்டிகள் பல 5 கிகாவில்தான் ஓடுகின்றன. படம் அறுந்துவிடக் கூடாது என்பதால் விடாமல் அனுப்பும். வைஃபை மாதிரி யாராவது பேசுகிறார்களா என்று காத்திருக்காத ரகங்கள் நிறைய உண்டு. உங்கள் பாய் விரித்த படத்துக்குப் பொருந்துகிறது.

மலையடிவாரம் · பிப்ரவரி 17, இரவு 11.30

நேற்று மாலை வரவேற்பு இருந்தது. நடந்ததை விரிவாக எழுதுகிறேன், இனி தேடுகிறவர்களுக்கு உதவும்.

6 மணிக்கு முன்பே கிரிட் டிஷ்ஷை மலைப்பக்கம் பார்த்து வைத்தேன். ஆறேகாலுக்குத் தட்டை மேடு வந்தது, ஆனால் இரைச்சலுக்கு மேல் லேசாகத் தூக்கி நிற்கிறது, அவ்வளவுதான். ஜன்னலுக்குள் −98 என்று வைத்துக்கொள்ளலாம். முழு 20 மெகாவுக்குக் கூட்டினால் −75. நம் சிக்னல் −62. நடுவில் 13 டெசிபல்தான் மிச்சம். ஊர் முனை ரேடியோ அந்த நேரத்தில் இறங்கி நின்ற வேக நிலைக்கும் அதற்கும் ஒத்துப்போகிறது. 80 மெகாபிட்டுக்கு 30 டெசிபல் போல வேண்டும்.

அப்புறம் டிஷ்ஷை மெல்ல இடது பக்கம் திருப்பினேன். பதினைந்து டெசிபல் ஏறியது. உச்சியைத் தேடினால் கை ஆடும், உச்சி எப்போதும் மழுங்கலாகத்தான் இருக்கும். அதனால் உச்சியிலிருந்து 3 டெசிபல் இறங்கும் இடத்தை இரு பக்கமும் குறித்துக்கொண்டு நடுவை எடுத்தேன். திசைகாட்டி இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் பொய் சொல்லும். அதனால் மலை முனையையும் கோயில் கோபுரத்தையும் அடையாளமாக வைத்து, வரைபடத்தில் கோணத்தை அளந்தேன். லிங்க் கோட்டிலிருந்து 14 டிகிரி.

ஒரு கோடு மட்டும் இருந்தால் அது எங்கேயும் முடியலாம். டிஷ்ஷை வண்டியில் ஏற்றிக்கொண்டு, முதல் கோட்டுக்குக் குறுக்காகத் தள்ளியிருக்கும் பள்ளிக்கூட மாடிக்குப் போனேன். அங்கிருந்து இன்னொரு கோடு. இரண்டும் கிட்டத்தட்டச் செங்குத்தாக வெட்டிய இடத்தில் புது மண்டபம். எங்கள் மாடியிலிருந்து 900 மீட்டர். இந்த டிஷ்ஷின் கற்றை 8 டிகிரிக்கு மேல் அகலம், அந்தத் தூரத்தில் இப்படியும் அப்படியும் அறுபது மீட்டர் தடுமாறும். அந்த வட்டத்துக்குள் மண்டபமும் ஒரு அரிசி ஆலையும்தான். ஆலை மாலையில் பூட்டியிருக்கும்.

பிறகு குட்டி ஆன்டெனாவோடு நடந்தே போனேன். வாசலில் பந்தலுக்கு வந்ததும் மேடு திரையில் நிறைந்துவிட்டது. மேடைக்குப் பக்கத்தில் போகப் போக அட்டெனுவேட்டர் போட வேண்டியிருந்தது. கேமராக்காரர் ஒருவர் தோளில் இரண்டு குட்டிக் கொம்பு ஆன்டெனா. முதுகை அவர் பக்கம் திருப்பி நின்றால் என் உடம்பே மறைத்து அளவு குறைகிறது, திரும்பினால் ஏறுகிறது. சந்தேகத்துக்கு இடமில்லை.

செல்லையா மகன் · பிப்ரவரி 18, காலை 7.40

அப்புறம் என்ன, புகார் கொடுங்கள். அபராதம் போடுவார்கள்.

பழைய ரேடியோ · பிப்ரவரி 18, காலை 9.15

என்ன என்று புகார் கொடுப்பது? 5,725 முதல் 5,875 வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், 2018-ல் வந்த அறிவிக்கை வழி. பெட்டி அங்கீகாரம் பெற்றதா, வரம்புக்குள் அனுப்புகிறதா என்று கேட்கலாம். இரண்டும் சரி என்றால் அவருக்கு இருக்கும் உரிமைதான் இவருக்கும். உரிமம் இல்லாத இடத்தில் யாருக்கும் பாதுகாப்பும் கிடையாது. பேசிப் பார்க்க வேண்டியதுதான்.

மலையடிவாரம் · பிப்ரவரி 20, இரவு 9.00

பேசினேன். நல்ல மனிதர். பெட்டியில் சேனல் மாற்றும் பொத்தான் இருக்கிறது, இதுவரை தொட்டதே இல்லை என்றார். கீழே மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னார். ஆனால் அந்த மண்டபத்துக்கு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வேறு வேறு வீடியோக்காரர் வருவார். எல்லோரிடமும் போய்க் கேட்க முடியாது. நம் பக்கமும் எதையாவது மாற்ற வேண்டும்.

5,470–5,725 பகுதிக்குப் போகலாம், ஆனால் அங்கே ரேடார் கேட்டு ஒதுங்கும் விதி உண்டு. தொடங்கும்போது ஒரு நிமிடம் காத்திருக்கும், ரேடார் என்று சந்தேகித்தால் சேனலை விட்டு ஓடும். அதைவிடப் பெரிய கேள்வி, அடுத்த வீடியோக்காரர் அங்கேயே வந்து உட்கார்ந்தால்? அதனால் டிஷ்ஷின் காதுக்கு மண்டபத்தை மறைக்க முடியுமா என்று யோசிக்கிறேன். மாடிப்படி அறையின் சுவர் ஒன்று இருக்கிறது.

பழைய ரேடியோ · பிப்ரவரி 20, இரவு 9.50

சரியான வழி. ஆனால் சுவர் உங்கள் சொந்தக் கோட்டை உரசக் கூடாது. பார்வைக்கு நேர்கோடு தெரிந்தால் போதாது, கோட்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் வேண்டும். டிஷ்ஷிலிருந்து 4 மீட்டர் தள்ளிச் சுவர் விளிம்பு இருந்தால், அந்த இடத்தில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இடம் விட வேண்டும். 14 டிகிரி என்றால் 4 மீட்டரில் மண்டபக் கோடும் மலைக் கோடும் ஒரு மீட்டர் விலகியிருக்கும். விளிம்பை நடுவில் நிறுத்துங்கள்.

மலையடிவாரம் · பிப்ரவரி 27, இரவு 10.10

டிஷ்ஷை மாடியின் கிழக்கு மூலைக்கு நகர்த்தியாயிற்று. சுவர் விளிம்பு 4 மீட்டர் முன்னால். நம் சிக்னல் −62-லிருந்து −63, அந்த ஒன்று நிமிர்த்தும்போது போனதா சுவரால் போனதா தெரியாது. அடுத்த வரவேற்பில் கிரிட் டிஷ்ஷைப் பழைய இடத்திலும் புது இடத்திலும் மாற்றி மாற்றி வைத்து அளந்தேன். புது இடத்தில் மேடு தெரியவே இல்லை. மண்டபப் பக்கம் திருப்பினால்தான் தெரிகிறது, பழைய இடத்தைவிட 13 டெசிபல் கீழே. ஆக −88. மிச்சம் 25 டெசிபல். வேகம் 55 மெகாபிட்டில் நின்றது. பால் கணக்கு தடங்கல் இல்லாமல் ஏறியது.

இ-சேவை அக்கா · பிப்ரவரி 28, காலை 10.30

மாலையில் சான்றிதழ் விண்ணப்பம் இரண்டு நிமிடத்தில் போகிறது. ஆனால் இன்று காலை ஆறரைக்குத் திறந்தபோது கொஞ்ச நேரம் இழுத்தது. இன்று முகூர்த்தமும் இல்லை.

மலையடிவாரம் · பிப்ரவரி 28, மாலை 6.15

பதிவைப் பார்த்தேன் அக்கா. காலை 5.50 முதல் 7.20 வரை சிக்னலே −63-லிருந்து −74 வரை போய் வந்திருக்கிறது. அனலைசர் பதிவில் அந்த நேரத்தில் எதுவும் இல்லை. இரண்டு திசையும் சேர்ந்தே விழுந்திருக்கிறது. இது மண்டபக் கதை இல்லை.

ஜனவரிப் பதிவுகளைத் திரும்பப் பார்த்தால், விடியற்காலை என்று நான் ஒரே கூடையில் போட்ட சில நாட்களிலும் சிக்னல்தான் விழுந்திருக்கிறது. முகூர்த்த விடியலும் இதுவும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன.

பழைய ரேடியோ · மார்ச் 1, காலை 6.45

காற்று அடங்கிய, பனி இறங்கும் காலைகளில் பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று அடியில் தேங்கும். அலை வளைந்து இரண்டு வழியாக வந்து ஒன்றையொன்று அழிக்கும். அதற்கு அனலைசரில் தேட ஒன்றும் இல்லை. வைகாசிக்கு மேல் மேற்குக் காற்று அடிக்க ஆரம்பித்தால் நின்றுவிடும் என்று நினைக்கிறேன், நிற்கவில்லை என்றால் காரணம் வேறு. இன்னொன்று, இதே மாவட்டத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராம மையங்களுக்கு பெர்க்லி பல்கலைக்கழகக் குழு 2000-களின் நடுவில் நீண்ட தூர வைஃபை போட்டபோது, கருவிகளைப் பெரிதும் பாடுபடுத்தியது மின்சாரத்தின் தரம் என்று எழுதியிருக்கிறார்கள். அதிகாலையில் மின்னழுத்தம் எப்படி ஆடுகிறது என்பதையும் பதிவு செய்யுங்கள்.

கரண்ட்கம்பம் · மார்ச் 1, காலை 8.20

அதற்கு வோல்ட்டேஜ் லாகர் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு வருகிறேன், இரண்டு முனையிலும் மாட்டிவிடலாம்.

மலையடிவாரம் · மார்ச் 4, இரவு 9.25

ஊர் முனையில் லாகர் மாட்டியாயிற்று, மலை முனைக்கு நாளை ஏறுகிறோம். சிக்னலும் இனி நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு முனையிலும் பதிவாகிறது.

மண்டபத்துக்கு நேற்று வந்த வீடியோக்காரரின் பெட்டி வேறு ரகம். 5,785-ல் ஒன்றும் இல்லை, 5,825 பக்கம் 40 மெகா அகலத்தில் உட்கார்ந்திருந்தது, அதன் கீழ் ஓரம் 5,805-ல் முடிகிறது. நம் சேனலின் மேல் விளிம்பு 5,795. நடுவில் 10 மெகா இடம் இருந்தும் வேகம் 60-க்கு வந்தது. அதன் ஓரச் சிதறல் நம் சேனலுக்குள் வழிகிறதா, நம் ரேடியோவின் வடிகட்டிதான் பக்கத்துப் பலத்தைத் தாங்கவில்லையா என்று புரியவில்லை. கிரிட் டிஷ்ஷில் பார்த்தால் 5,795-க்குக் கீழே இரைச்சல் தளம் ஒரு டெசிபல்கூடத் தூக்கவில்லை. இதைப் பிரித்தறிய யாராவது வழி சொன்னால் அடுத்த வரவேற்பில் செய்து பார்க்கிறேன்.

எஸ்டிஆர் பையன் · மார்ச் 4, இரவு 10.05

நம் சேனலை அன்று மட்டும் 5,765-க்கு இறக்கிப் பாருங்கள் அண்ணா. வேகம் உடனே 80-க்கு ஏறினால் விளிம்புப் பிரச்சினைதான். இரண்டில் எது என்று அதுவும் சொல்லாது, ஆனால் மண்டபத்தைத் தவிர வேறு யாரும் இல்லை என்பதாவது உறுதியாகும். ஹேக்ஆர்எஃப்பை இப்போதைக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம்.